1-0-1 மருந்துச் சீட்டை அட்டவணையாக மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீட்டில் 1-0-1 என்று போட்டிருக்கிறது. இதற்கு என்னதான் பொருள்?

காலையில் ஒன்று, மதியம் வேண்டாம், இரவில் ஒன்று. இடமிருந்து வலமாக மூன்று வேளைகள், ஒவ்வொரு வேளைக்கும் ஓர் எண். சுழியம் இருந்தால் அந்த வேளைக்கு மருந்து இல்லை. 0-0-1 என்றால் இரவில் மட்டும். 1-1-1 என்றால் மூன்று வேளையும்.

எழுதுகிறவருக்கு இது மிக வசதி, மூன்று நொடியில் வேலை முடிந்துவிடும். வீட்டில் மருந்து எடுத்துக் கொடுப்பவருக்குத்தான் சிக்கல். எத்தனை மில்லிகிராம் மாத்திரை, உணவுக்கு முன்னா பின்னா, எந்த வேளையில் தொடங்கி எந்த வேளையில் நிறுத்துவது ஆகிய மூன்றையும் அந்த எண்கள் சொல்வதில்லை. சில நேரம் அவை அதே வரியில் சிதறிக் கிடக்கும். சில நேரம் சீட்டிலேயே இருக்காது. மருத்துவர் வாயால் சொல்லியிருப்பார், நாம் தலையாட்டிவிட்டு வந்திருப்போம்.

அட்டவணை போடுவது என்பது இந்தச் சிதறல்களைத் தனித்தனிக் கட்டங்களில் கொண்டுவந்து வைப்பது. சீட்டில் இல்லாத செய்திக்கான கட்டத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டுக் கேட்டு நிரப்ப வேண்டும். மருந்தாளுநராக வேலை பார்த்த காலத்தில் நான் பார்த்த தவறான வீட்டு அட்டவணைகளில் பெரும்பாலானவை சீட்டைத் தவறாகப் படித்ததால் வந்தவை அல்ல. வெற்றுக் கட்டத்தை யாரோ யூகித்து நிரப்பியதால் வந்தவை.

எண்களோடு ஆங்கில எழுத்துகளும் கலந்து வருகின்றனவே?

அடிக்கடி வருபவை இவ்வளவுதான்:

```
OD   ஒரு நாளில் ஒருமுறை
BD   ஒரு நாளில் இருமுறை
TDS  ஒரு நாளில் மூன்று முறை
QID  ஒரு நாளில் நான்கு முறை
HS   படுக்கப் போகும் முன்
AC   உணவுக்கு முன்
PC   உணவுக்குப் பின்
SOS  தேவைப்பட்டால் மட்டும்
```

இவற்றில் முதலாவதிடம் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. கண் மருத்துவத்தில் அதே இரண்டு எழுத்துகளுக்கு 'வலது கண்' என்று பொருள். கண் சொட்டு மருந்துச் சீட்டில் அதைக் கண்டால் தினமும் ஒருமுறையா, வலது கண்ணிலா என்று கேட்காமல் எழுதக் கூடாது.

என் தந்தையின் சீட்டில் 1-0-0-1 என்று நான்கு எண்கள் உள்ளன. பிழையா?

பிழையில்லை, நான்கு வேளை முறை. காலை, மதியம், மாலை, இரவு. ஜெர்மனியில் 2016 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள நாடு தழுவிய மருந்துத் திட்டத் தாளில் இப்படித்தான் காலை, மதியம், மாலை, படுக்கும் நேரம் என்று நான்கு கட்டங்கள் உண்டு. மருந்து எதற்காக என்பதற்கும் தனிக் கட்டம் இருக்கிறது. பின்பற்றத் தகுந்த வழக்கம் அது.

நான்கு எண் சீட்டை மூன்று கட்ட அட்டவணையில் அடைக்கப் பார்க்காதீர்கள். கடைசி 1 இரவு உணவு வேளைக்கான கட்டத்தில் போய் விழுந்தால், படுக்கும்போது போட வேண்டிய மாத்திரை மூன்று மணி நேரம் முன்னால் நகர்ந்துவிடும். தூக்கம் வரவழைக்கும் மாத்திரையாக இருந்தால் அந்த மூன்று மணி நேரத்தை அவர் தள்ளாடியபடி கழிப்பார்.

ஒரு முழுச் சீட்டை எடுத்து, அட்டவணையாக மாற்றிக் காட்ட முடியுமா?

மருத்துவமனையில் நோய்த்தொற்றுக்குச் சிகிச்சை பெற்று, ஜூன் 2ஆம் தேதி திங்கள்கிழமை மாலை வீடு திரும்பும் ஒரு முதியவரை எடுத்துக்கொள்வோம். ஏற்கெனவே அவருக்குத் தைராய்டு குறைபாடும் சர்க்கரை நோயும் உண்டு. கையில் கொடுத்த தாள் இது:

```
Tab. Levothyroxine 50 mcg   1-0-0   empty stomach
Tab. Metformin 500 mg       1-0-1   PC
Tab. Amox-Clav 625 mg       1-0-1   x 5 days
Tab. Pantoprazole 40 mg     1-0-0   AC   x 5 days
Tab. Calcium 500 mg         0-1-0
Tab. Paracetamol 650 mg     SOS
```

முதலில், சீட்டில் உள்ளதை மட்டும் கட்டங்களில் நிரப்பிப் பாருங்கள். ஓட்டைகள் தாமாகத் தெரியும். Amox-Clav என்ற ஆண்டிபயாடிக் மாத்திரைக்கு உணவுக் குறிப்பு இல்லை. கால்சியத்திற்கு உணவுக் குறிப்பும் இல்லை, எத்தனை நாள் என்பதும் இல்லை. பாராசிட்டமாலுக்கு இரண்டு மாத்திரைகளுக்கு இடையில் எத்தனை மணி நேரம் இருக்க வேண்டும், நாளுக்கு அதிகபட்சம் எத்தனை என்பவை இல்லை. எந்த மருந்து எதற்கு என்பது எதற்குமே இல்லை. இவ்வளவுதான் கேட்க வேண்டியவை. வீட்டுக்குக் கிளம்பும் முன் ஐந்து நிமிடத்தில் கேட்டுவிடலாம்.

அடுத்து, ஒரே எண் போட்ட மருந்துகளை ஒப்பிட வேண்டும். லெவோதைராக்சின் என்ற தைராய்டு மாத்திரை, பான்டோபிரசோல் இரண்டும் 1-0-0. மெட்ஃபார்மினுக்கும் ஆண்டிபயாடிக்குக்கும் காலையில் 1 உண்டு. எண்ணை மட்டும் பார்த்தால் காலையில் நான்கையும் ஒரு கையில் கொட்டி ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிடலாம் போலத் தோன்றும். உண்மையில் இந்த நான்கும் நான்கு வேறு நேரங்களுக்கு உரியவை. லெவோதைராக்சின் வெறும் வயிற்றில், தண்ணீருடன் மட்டும், உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்னதாகப் போக வேண்டும். பான்டோபிரசோல் உணவுக்கு ஏறக்குறைய அரை மணி நேரம் முன். அமாக்சிசிலின்-கிளாவுலனேட் சாப்பிடத் தொடங்கும்போது எடுத்தால் வயிற்றுத் தொந்தரவு குறையும். மெட்ஃபார்மின் உணவுடன் அல்லது உணவு முடிந்தவுடன்.

கால்சியத்தை மருத்துவர் மதியத்திற்குத் தள்ளியிருப்பதற்கும் காரணம் உண்டு. கால்சியமும் இரும்புச்சத்து மாத்திரையும் லெவோதைராக்சினைக் குடலில் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். 'எல்லாவற்றையும் காலையிலேயே முடித்துவிடலாம்' என்று யாராவது அந்த 0-1-0வை 1-0-0 ஆக்கினால், மாத்திரை தவறாமல் போட்டும் தைராய்டு அளவு கட்டுக்குள் வராது. காரணம் தெரியாமல் மருந்தளவைத்தான் கூட்டுவார்கள்.

கேட்டு நிரப்பிய பிறகு அட்டவணை இப்படி இருக்கும்:

| மருந்து | எதற்கு | ஒரு வேளைக்கு | எப்போது | எந்த நாட்களில் |
|---|---|---|---|---|
| லெவோதைராக்சின் 50 மைக்ரோகிராம் | தைராய்டு | 1 மாத்திரை | காலை 6:00, வெறும் வயிற்றில், தண்ணீருடன் மட்டும் | தினமும், தொடர்ந்து |
| பான்டோபிரசோல் 40 மி.கி. | வயிற்று அமிலம் | 1 மாத்திரை | காலை 7:00, உணவுக்கு அரை மணி நேரம் முன் | ஜூன் 3 செவ்வாய் முதல் ஜூன் 7 சனி வரை |
| அமாக்சிசிலின்-கிளாவுலனேட் 625 மி.கி. | நோய்த்தொற்று | 1 மாத்திரை | காலை 7:30, இரவு 7:30, உணவு தொடங்கும்போது | ஜூன் 2 திங்கள் இரவு முதல் ஜூன் 7 சனி காலை வரை |
| மெட்ஃபார்மின் 500 மி.கி. | சர்க்கரை | 1 மாத்திரை | காலை 8:00, இரவு 8:00, உணவு முடிந்தவுடன் | தினமும், தொடர்ந்து |
| கால்சியம் 500 மி.கி. | எலும்பு | 1 மாத்திரை | மதியம் 1:00, உணவுடன் | ? மறுபரிசோதனையில் கேட்க வேண்டும் |

பாராசிட்டமால் இதில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதற்குத் தனி இடம் உண்டு, கீழே சொல்கிறேன். கால்சியத்தின் கடைசிக் கட்டத்தில் கேள்விக்குறி அப்படியே இருக்கிறது, ஏனென்றால் கேட்டபோது 'அடுத்த முறை பார்த்துச் சொல்கிறேன்' என்பதுதான் பதில். அதை அழகுக்காக '30 நாள்' என்று மாற்றக் கூடாது.

5 நாள் என்று போட்டிருந்தால் முதல் நாள் எது? மாலையில்தானே மருந்தே வாங்கினோம்?

மேலுள்ள அட்டவணையில் ஆண்டிபயாடிக் வரியை மறுபடி பாருங்கள். 1-0-1, 5 நாள்; ஆகவே 2 × 5 = 10 மாத்திரை. திங்கள் இரவு ஒன்று. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி ஆகிய நான்கு நாட்களில் எட்டு. அதோடு ஒன்பது. பத்தாவது சனிக்கிழமை காலை. நாட்காட்டியில் ஆறு தேதிகளைத் தொட்டாலும் இது ஐந்து நாள் மருந்துதான். நாளை எண்ணினால் குழம்பும். வேளையை எண்ணினால் குழம்பாது.

'5 நாள்' என்று மட்டும் எழுதிவைத்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். ஒருவர் திங்களை முதல் நாளாகக் கொண்டு வெள்ளி இரவோடு நிறுத்துவார், ஒரு மாத்திரை மிஞ்சும். இன்னொருவர் செவ்வாய் முதல் எண்ணி சனி இரவுக்கு மாத்திரை தேடுவார், உறையில் இருக்காது. அதனால்தான் கடைசிக் கட்டத்தில் தொடங்கும் வேளையும் முடியும் வேளையும் கிழமையோடு எழுதச் சொல்கிறேன். தேதி மறந்தாலும் கிழமை மறக்காது.

மருத்துவமனையிலிருந்து வருகிறவர்களுக்கு இங்கே கூடுதலாக இரண்டு கேள்விகள் உள்ளன. இன்றைய இரவு வேளை மருந்தை அங்கேயே கொடுத்துவிட்டார்களா? சீட்டில் உள்ள ஐந்து நாள் இனிமேல் ஐந்து நாளா, அங்கே ஊசியாகப் போட்ட நாட்களையும் சேர்த்தா? முதல் கேள்வியைக் கேட்காவிட்டால் திங்கள் இரவு இரண்டு முறை மருந்து போகும். நான் நேரில் பார்த்திருக்கிறேன்: மாலை ஆறு மணிக்குச் செவிலியர் மாத்திரை கொடுத்து அனுப்பினார், எட்டு மணிக்கு மருமகள் பொறுப்பாக மறுபடி கொடுத்தார். இருவர் மீதும் தவறில்லை, தாளில் அந்தச் செய்தி இல்லை, அவ்வளவுதான்.

அட்டவணை சரியாக வந்திருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

மாத்திரையை எண்ணிப் பாருங்கள். ஒரு நாளைக்கான எண்ணிக்கையை நாட்களால் பெருக்கி, கடையில் கொடுத்ததோடு ஒப்பிடுங்கள். ஆண்டிபயாடிக் 10, பான்டோபிரசோல் 5 என்று கணக்கு வர வேண்டும். முழு அட்டையாகத்தான் கொடுப்பார்கள் என்றால் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். ஆனால் பத்து வேண்டிய இடத்தில் ஐந்து இருந்தால், நீங்களோ கடைக்காரரோ சீட்டை வேறு விதமாகப் படித்திருக்கிறீர்கள். அவர் 1-0-0 என்று பார்த்திருக்கலாம்.

இரண்டாவது சோதனை அட்டையின் பின்பக்கம். சீட்டில் வணிகப் பெயர் இருக்கும், அட்டையில் வேறு நிறுவனத்தின் பெயர் இருக்கும். இரண்டுக்கும் கீழே சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரும் மில்லிகிராமும் ஒன்றாக இருக்க வேண்டும். அட்டவணையிலும் அந்தப் பெயரையே எழுதினால், ஒரே மருந்து இரண்டு வணிகப் பெயர்களில் இரண்டு வரிகளாக வந்திருப்பது உடனே கண்ணில் படும். பழைய மருத்துவர் எழுதியது, புதிய மருத்துவர் எழுதியது என்று இரண்டு சீட்டுகளைச் சேர்க்கும்போது இது அடிக்கடி நடக்கும்.

பாராசிட்டமாலை ஏன் அட்டவணையில் சேர்க்கவில்லை?

'தேவைப்பட்டால் மட்டும்' என்ற மருந்தைக் காலை, மதியம், இரவுக் கட்டங்களுக்குள் எங்கே போட்டாலும் அது தினசரி மருந்தாகிவிடும். அட்டவணையைப் பார்த்துக் கொடுப்பவர் 'இந்த வேளைக்கு இது உண்டு' என்றுதான் படிப்பார். ஆகவே கீழே ஒரு கோடு போட்டு, தனியாக எழுதுங்கள்:

| மருந்து | எப்போது தேவை | ஒருமுறைக்கு | குறைந்தபட்ச இடைவெளி | 24 மணி நேரத்தில் அதிகபட்சம் |
|---|---|---|---|---|
| பாராசிட்டமால் 650 மி.கி. | காய்ச்சல் அல்லது வலி இருந்தால் மட்டும் | 1 மாத்திரை | 6 மணி நேரம் | 4 மாத்திரை |

கடைசி இரண்டு கட்டங்களும் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டு நிரப்ப வேண்டியவை. பெரியவர்களுக்குப் பாராசிட்டமாலின் பொதுவான உச்சவரம்பு ஒரு நாளில் 4 கிராம் என்றாலும், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் உடல் எடை மிகக் குறைந்தவர்களுக்கும் அதைவிடக் குறைவாகவே சொல்வார்கள். சளிக்கு வாங்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் இருக்கிறது. அதுவும் இந்தக் கணக்கில் சேரும். பக்கத்தில் கொடுத்த நேரத்தைக் குறிக்கக் கொஞ்சம் வெற்றிடம் விடுங்கள். இரவு இரண்டு மணிக்குக் காய்ச்சல் வரும்போது, கடைசியாக எப்போது கொடுத்தோம் என்று யாருக்கும் நினைவிருக்காது.

வாரம் ஒருமுறை மாத்திரையை எப்படி எழுதுவது?

இதில் நானே தவறு செய்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். என் அத்தைக்கு வைட்டமின் டி 60,000 யூனிட், வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று எழுதியிருந்தார்கள். நான் போட்ட அட்டவணையில் இரவுக் கட்டத்தில் 1 என்றும் கடைசிக் கட்டத்தில் 8 வாரம் என்றும் எழுதினேன். எனக்கு அது தெளிவாகத்தான் இருந்தது. அத்தைக்கும் தெளிவாகத்தான் இருந்தது: எட்டு வாரத்திற்குத் தினமும் இரவு ஒன்று. ஐந்தாம் நாள் நான் போனபோது அட்டையில் நான்கு காலி. மருத்துவர் இரத்தத்தில் கால்சியம் பார்த்தார், பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. மருந்தாளுநர் என்று சொல்லிக்கொள்ள அன்று கூச்சமாக இருந்தது.

அது வைட்டமினாக இருந்ததால் தப்பித்தோம். மூட்டுவாதத்திற்கும் சில தோல் நோய்களுக்கும் தரும் மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை மட்டும் எடுக்க வேண்டிய மருந்து. அதைத் தினமும் எடுத்தால் எலும்பு மஜ்ஜையில் இரத்த அணு உற்பத்தி நின்றுபோகும். இந்த ஒரே குழப்பத்தால் உலகின் பல நாடுகளில் உயிரிழப்புகள் நேர்ந்துள்ளன. வாய்ப்புண், காய்ச்சல், காரணமில்லாத இரத்தக் கசிவு ஆகியவை அதன் அடையாளங்கள்; கண்டால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. அதோடு தரப்படும் ஃபோலிக் அமில மாத்திரை சில வகைகளில் அதே மஞ்சள் நிறத்தில் சிறிதாக இருக்கும் என்பது இன்னொரு தொல்லை.

வார மருந்துக்குக் காலை, மதியம், இரவுக் கட்டமே கூடாது. தனி அட்டவணை, அதில் கிழமையின் பெயர் முழுதாக:

| மருந்து | கிழமை | அளவு | தேதிகள் |
|---|---|---|---|
| வைட்டமின் டி 60,000 யூனிட் | ஞாயிறு மட்டும் | 1 | ஜூன் 8, 15, 22, 29, ஜூலை 6, 13, 20, 27 |

எட்டுத் தேதிகளையும் எழுதி, கொடுத்ததும் அடித்துவிடுங்கள். ஒன்றுவிட்டு ஒருநாள் மருந்துக்கும் இதே வழிதான். 'ஒன்றுவிட்டு ஒருநாள்' என்ற சொல்லைவிடத் தேதிகளின் வரிசை நம்பகமானது.

அளவு படிப்படியாகக் குறையும் ஸ்டீராய்டு மாத்திரைக்கு ஒரே வரி போதுமா?

போதாது. பிரெட்னிசோலோன் 20 மில்லிகிராம் 5 நாள், பிறகு 10 மில்லிகிராம் 5 நாள், பிறகு 5 மில்லிகிராம் 5 நாள், பிறகு நிறுத்தவும் என்று இருக்கிறது என வையுங்கள். கையில் உள்ளது 10 மில்லிகிராம் மாத்திரை. மூன்று வரிகள் வேண்டும்:

| தேதி | காலை, உணவுக்குப் பின் | மொத்தம் |
|---|---|---|
| ஜூன் 3 முதல் 7 வரை | 2 மாத்திரை | 10 |
| ஜூன் 8 முதல் 12 வரை | 1 மாத்திரை | 5 |
| ஜூன் 13 முதல் 17 வரை | அரை மாத்திரை | இரண்டரை |

பதினேழரை, ஆக 18 மாத்திரை வாங்கியிருக்க வேண்டும். இங்கே மில்லிகிராமை மாத்திரை எண்ணிக்கையாக மாற்றியிருப்பதைக் கவனியுங்கள். மறுமுறை கடையில் 20 மில்லிகிராம் மாத்திரை கொடுத்தால் இந்த அட்டவணை முழுவதும் தவறாகிவிடும். திருத்தாமல் புதிதாகவே எழுத வேண்டும். பல வாரங்களாக இந்த மருந்தில் இருப்பவர் 'உடம்பு சரியாகிவிட்டது' என்று நடுவில் நிறுத்தினால், உடல் தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்க மறந்திருக்கும் நேரத்தில் கையை விட்டதாகிவிடும். முடியும் தேதியைத் தடித்த எழுத்தில் போடுவது அதற்காகத்தான்.

அம்மாவின் இன்சுலினுக்கு 10-0-8 என்று எழுதியிருக்கிறார்கள். இதுவும் மாத்திரை எண்ணிக்கை போன்றதா?

வடிவம் அதே, அலகு வேறு. காலையில் 10 யூனிட், இரவில் 8 யூனிட். அட்டவணையில் 'யூனிட்' என்ற சொல்லை முழுதாக எழுதுங்கள். ஆங்கில முதலெழுத்தை மட்டும் எண்ணுக்குப் பின்னால் போட்டால் அது சுழியம்போலத் தெரிந்து 8 என்பது 80 ஆகப் படிக்கப்படும். இன்சுலினில் நடக்கும் பழைய விபத்து இது. எந்த இன்சுலின், உணவுக்கு எத்தனை நிமிடம் முன் என்பவை வகைக்கு வகை மாறும், ஆகவே அவை கட்டாயம் கேட்டெழுத வேண்டியவை. உறிஞ்சும் மருந்துக்கு 2-0-2 என்றால் இரண்டு முறை அழுத்தி உறிஞ்சுவது. எண்ணுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பெயர்ச்சொல் வர வேண்டும்: மாத்திரை, யூனிட், சொட்டு, மில்லி.

குழந்தையின் சிரப்புக்கு 1-1-1 என்றால் ஒரு தேக்கரண்டியா, ஒரு மில்லியா?

சீட்டை வைத்துச் சொல்ல முடியாது, கேட்டே ஆக வேண்டும். மருத்துவத்தில் ஒரு தேக்கரண்டி என்பது 5 மில்லி; வீட்டுக் கரண்டிகள் அந்தக் கணக்கில் நிற்பதில்லை. அட்டவணையில் மில்லியை மட்டும் எழுதி, புட்டியோடு வரும் அளவுக் குப்பி அல்லது ஊசியில்லாத அளவுக் குழலால் கொடுங்கள்.

மில்லி சரியாக இருந்தாலும் புட்டி மாறினால் அளவு மாறும். பாராசிட்டமால் சொட்டு மருந்தில் பெரும்பாலும் 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லியில் 120 அல்லது 125 என்று ஒரு வகை, 250 என்று இன்னொரு வகை. அதே 1 மில்லிக்குச் சொட்டு மருந்தில் முதல் வகை சிரப்பைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு மருந்து, இரண்டாவது வகையைவிட இரண்டு மடங்கு. அதனால் பெயரோடு '5 மில்லியில் 125 மி.கி.' என்று புட்டியில் உள்ளதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

½-0-½ என்று இருப்பதை 1-2 என்று படித்துவிட்டோம். இதை எப்படித் தவிர்ப்பது?

அட்டவணையில் பின்னமும் வேண்டாம், தசமமும் வேண்டாம். 'அரை மாத்திரை' என்று எழுத்தால் எழுதுங்கள். மில்லிகிராமில் தசமம் தவிர்க்க முடியாதபோது புள்ளிக்கு முன் சுழியம் வேண்டும், பின்னால் தேவையற்ற சுழியம் கூடாது. .5 என்பதைப் புள்ளி தெரியாமல் 5 என்று படிப்பார்கள், 1.0 என்பதை 10 என்று. மைக்ரோகிராமையும் முழுச் சொல்லாகவே எழுதுங்கள். அதற்கும் மில்லிகிராமுக்கும் ஆயிரம் மடங்கு வேறுபாடு.

அரை என்று இருந்தால் அந்த மாத்திரையை உடைக்கலாமா என்பதையும் பாருங்கள். நடுவில் கோடு இருந்தால் பொதுவாக உடைக்கலாம். மெதுவாகக் கரையும் வகையையும், குடலில் போய்க் கரையும்படி மேல்பூச்சு போட்ட வகையையும் கேட்காமல் உடைக்கக் கூடாது. பான்டோபிரசோல் அப்படிப் பூச்சு போட்டது; உடைத்தால் வயிற்று அமிலத்திலேயே வீணாகிவிடும்.

ஒரு வேளை தவறினால் அட்டவணையில் என்ன செய்வது?

அந்தக் கட்டத்தில் குறுக்குக் கோடு போடுங்கள், அடுத்த கட்டத்தில் 2 என்று எழுதாதீர்கள். கொஞ்ச நேரத்தில் நினைவு வந்தால் எடுத்துக்கொள்வது, அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுவது என்பது பல மருந்துகளுக்குப் பொருந்தும். வலிப்பு மாத்திரை, இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, இன்சுலின், மெத்தோட்ரெக்சேட் ஆகியவற்றுக்கு அவரவர் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு, அந்த வரியின் ஓரத்திலேயே விடையை எழுதிவையுங்கள்.

மறுபரிசோதனையில் மருந்து மாறினால் பழைய தாளிலேயே திருத்தலாமா?

வேண்டாம். அடித்துத் திருத்திய 1 எப்போதும் 7 போலவோ 4 போலவோ தோன்றும். புதுத் தாளில் எழுதி, மேல் மூலையில் அன்றைய தேதியையும் நோயாளியின் பெயரையும், ஒவ்வாமை உள்ள மருந்து இருந்தால் அதையும் போடுங்கள். நிறுத்தச் சொன்ன மருந்துகளைக் கீழே 'நிறுத்தியது' என்று தேதியோடு எழுதுங்கள். இல்லாவிட்டால் அலமாரியில் மிஞ்சியிருக்கும் அட்டையைப் பார்த்து, 'இதை எழுத மறந்துவிட்டார்கள்' என்று வீட்டில் யாராவது மீண்டும் தொடங்கிவிடுவார்கள். பிறகு பழைய தாளைக் கிழித்துவிடுங்கள். குளிர்பெட்டிக் கதவில் ஒன்று, பணப்பையில் ஒன்று என்று இரண்டு படிகள் வைத்திருந்தால் இரண்டையும் கிழிக்க வேண்டும்.